நான்கு நிமிடப் பாட்டுக்கு ஆறு நிமிடம்

பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு நிகழ்ச்சி நிரல்கள் வேண்டும். ஒன்று அழைப்பிதழில் அச்சாவது. யார் தலைமை, யார் முன்னிலை, யார் பெயர் யாருக்கு மேலே வர வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். மற்றது மேடையை நடத்துவதற்கானது. எந்த நிமிடத்தில் எது தொடங்கும், எத்தனை நிமிடம் ஓடும், அப்போது மைக் யார் கையில் இருக்கும், அடுத்து வரவேண்டியவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதை அது சொல்லும். பெரும்பாலான பள்ளிகளில் முதலாவது பளபளவென்று தயாராகிவிடும். இரண்டாவது ஒரு ஆசிரியையின் தலைக்குள் மட்டும் இருக்கும்.

அதன் விளைவை ஆண்டு விழாவுக்குப் போன எல்லோரும் பார்த்திருப்போம். ஏழு மணிக்கு முடிய வேண்டிய விழா எட்டரையைத் தொடும். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காலி நாற்காலிகளுக்கு முன் ஆடுவார்கள், அல்லது "நேரமின்மை காரணமாக" அவர்கள் நடனம் பாதியில் நிறுத்தப்படும். நேரத்தைத் தின்றவர்கள் அவர்கள் இல்லை. உரையாற்றியவர்களும், பொன்னாடை போர்த்தியவர்களும், ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே யாரும் கணக்கில் எழுதாத அந்த இடைவெளியும்தான். பெரியவர்கள் எடுத்துக்கொள்ளும் நிமிடங்களிலிருந்து பிள்ளைகளின் நிமிடங்களைக் காப்பாற்றத்தான் நிமிடக் கணக்கு அட்டவணை வேண்டும். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே அதைப் போடலாம்.

அட்டவணை போட உட்காருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பாட்டின் நீளத்தை நிகழ்ச்சியின் நீளமாக எழுதுவது. பாட்டு நான்கு நிமிடம் என்றால் "4" என்று போட்டுவிடுவார்கள். மேடையில் என்ன நடக்கிறது என்று கடிகாரத்தோடு பார்த்தால் கதை வேறு. தொகுப்பாளர் அறிவிக்க 25 வினாடி. பதினாறு பிள்ளைகள் ஏறி, வரிசையில் நின்று, ஒருவர் தலை ஒருவரை மறைக்காமல் ஆசிரியை சரிசெய்ய 35 வினாடி. பாட்டு 4 நிமிடம். கடைசி நிலையில் அசையாமல் நின்று கைதட்டு வாங்க 10 வினாடி. இறங்க 30 வினாடி. மொத்தம் 5 நிமிடம் 40 வினாடி. ஆக, நான்கு நிமிடப் பாட்டுக்கு அட்டவணையில் 6 என்று எழுதினால்தான் அது உண்மையான எண். பத்து நிகழ்ச்சிகளுக்கு இந்த இரண்டு நிமிடத்தை எழுதாமல் விட்டால், யாரும் ஒரு தவறும் செய்யாமலே விழா இருபது நிமிடம் தள்ளிப்போகும்.

இதிலிருந்தே ஒரு விதி வருகிறது. எந்தப் பாட்டும் நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. திரைப்பாட்டானால் இரண்டாவது சரணத்தை வெட்டிவிடலாம், பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. வெட்டும் வேலையை ஒத்திகை தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். ஆறு வாரம் முழுப் பாட்டுக்கு ஆடிப் பழகிய குழந்தையிடம், விழாவுக்கு முந்தின நாள் போய் "நடுவுல கொஞ்சம் இல்ல கண்ணு" என்று சொல்வது நியாயமில்லை.

ஒரு மாதிரிப் பள்ளியை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள், ஏறக்குறைய 350 பிள்ளைகள், விளையாட்டு மைதானத்தில் மேடை, பிப்ரவரி மாதம். மாலை 4.30க்குத் தொடங்கி 7.00 மணிக்கு நாட்டுப்பண் முடிந்திருக்க வேண்டும். மொத்தம் 150 நிமிடம். பரிசுகள் 48.

| மணி | நிகழ்ச்சி | நிமிடம் | மைக்கில் |
|---|---|---|---|
| 4.30 | தமிழ்த்தாய் வாழ்த்து | 2 | தமிழாசிரியை |
| 4.32 | குத்துவிளக்கு ஏற்றுதல் | 5 | தமிழாசிரியை |
| 4.37 | வரவேற்புரை | 4 | உதவித் தலைமையாசிரியர் |
| 4.41 | 1ஆம் வகுப்பு நடனம் | 6 | மாணவர் இணை 1 |
| 4.47 | ஆண்டறிக்கை | 8 | தலைமையாசிரியர் |
| 4.55 | பொன்னாடை, நினைவுப் பரிசு | 6 | தமிழாசிரியை |
| 5.01 | 2ஆம் வகுப்பு நடனம் | 6 | மாணவர் இணை 1 |
| 5.07 | சிறப்பு விருந்தினர் உரை | 12 | விருந்தினர் |
| 5.19 | பரிசளிப்பு (48) | 16 | தமிழாசிரியை, பெயர் வாசிக்க ஒருவர் |
| 5.35 | மேடை காலி செய்தல் | 5 | மாணவர் இணை 1 |
| 5.40 | 3ஆம் வகுப்பு நடனம் | 6 | மாணவர் இணை 1 |
| 5.46 | 4ஆம் வகுப்பு கும்மி | 6 | மாணவர் இணை 1 |
| 5.52 | 5ஆம் வகுப்பு நாடகம் | 12 | மாணவர் இணை 1 |
| 6.04 | 6ஆம் வகுப்பு ஒயிலாட்டம் | 6 | மாணவர் இணை 1 |
| 6.10 | கையிருப்பு நேரம் | 5 | மாணவர் இணை 2 |
| 6.15 | 7ஆம் வகுப்பு கரகாட்டம் | 6 | மாணவர் இணை 2 |
| 6.21 | 8ஆம் வகுப்பு குழுப்பாட்டு | 6 | மாணவர் இணை 2 |
| 6.27 | சிலம்பம் | 6 | மாணவர் இணை 2 |
| 6.33 | ஆசிரியர்கள் பாட்டு | 6 | மாணவர் இணை 2 |
| 6.39 | கையிருப்பு நேரம் | 7 | மாணவர் இணை 2 |
| 6.46 | 8ஆம் வகுப்பு நிறைவு நடனம் | 8 | இரண்டு இணைகளும் |
| 6.54 | நன்றியுரை | 4 | ஆசிரியர் ஒருவர் |
| 6.58 | நாட்டுப்பண் | 2 | தமிழாசிரியை |

முதல் வரியும் கடைசி வரியும் நீளம் மாறாதவை. தமிழ்த்தாய் வாழ்த்தை 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது சொன்னது. இசைத்தட்டை ஒலிக்கவிடாமல் வாயால் பாட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே பாடும் பிள்ளைகள் 4.25க்கே மைக் முன்னால் நிற்க வேண்டும். நாட்டுப்பண்ணுக்கு 52 வினாடி. இரண்டுக்கும் இரண்டிரண்டு நிமிடம் கொடுத்திருப்பது, கூட்டம் எழுந்து அமைதியாவதற்கு.

ஒன்றாம் வகுப்பை 4.41க்கே மேடையேற்றியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வழக்கமாக எல்லா உரைகளும் முடிந்த பிறகுதான் கலை நிகழ்ச்சிகள் தொடங்கும். அதற்குள் ஆறு வயதுக் குழந்தை மூன்று மணிக்குப் போட்ட ஒப்பனையோடு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். தூங்கும், அழும், ஜரிகை குத்துகிறது என்று பாவாடையை அவிழ்க்கும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சரியாக மேடையேறும்போது சொல்லும். நான்கு நிமிட வரவேற்புக்குப் பிறகு அவர்களை ஆடவிட்டால் இந்தத் தொல்லைகள் எல்லாம் ஒழியும். கூடவே இன்னொரு லாபம், இரண்டு உரைகளுக்கு நடுவே ஒரு நடனம் வருவதால் கூட்டம் எழுந்து போகாது.

கரகாட்டத்தை 6.15க்கு வைத்ததற்குக் காரணம் சூரியன். பிப்ரவரியில் நம் பக்கம் ஆறேகால் வாக்கில்தான் பொழுது சாயும். அதற்கு முன் வண்ண விளக்குப் போட்டாலும் மேடையில் ஒன்றும் தெரியாது. விளக்கொளியில் மின்ன வேண்டிய நிகழ்ச்சிகளை இருட்டிய பிறகும், நாடகத்தையும் கும்மியையும் வெளிச்சத்திலும் வைக்கலாம். மேடையையும் முடிந்தால் மைதானத்தின் வடக்கிலோ தெற்கிலோ போடுங்கள். மேற்கே போட்டால் பெற்றோர் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள், கிழக்கே போட்டால் பிள்ளைகள் கண் கூசிக்கொண்டு ஆடுவார்கள். பந்தல்காரர் மின்சாரம் எங்கே பக்கம் என்று பார்ப்பார், சூரியன் அவர் கவலை இல்லை.

சிலம்பம் ஏன் நாடகத்துக்கு அடுத்து வராமல் 6.27க்குப் போனது? நாடகத்தில் ராஜாவாக வரும் பையன்தான் சிலம்பத்திலும் முன்வரிசை. தாடி, மீசை, கிரீடம், ஜிப்பா எல்லாவற்றையும் கழற்றி, ஒட்டிய பசையைத் துடைத்து, கச்சை கட்ட அவனுக்குக் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். இப்போது அவனுக்கு 23 நிமிடம் இருக்கிறது. இப்படி இரட்டை வேடமுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். எல்லா நிகழ்ச்சிகளின் பெயர்ப் பட்டியலையும் ஒன்றாக வைத்து, இரண்டு இடங்களில் வரும் பெயர்களைச் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும். இதைச் செய்யாத பள்ளியில் இந்தச் சிக்கல் விழா மாலையில் மேடைக்குப் பின்னால்தான் தெரியவரும். அப்போது தொகுப்பாளர் சிலம்பத்தை அறிவித்து முடித்திருப்பார்.

இனி, நேரம் அதிகம் கரையும் இடத்துக்கு வருவோம். அது பரிசளிப்பு. 48 பரிசுக்கு 16 நிமிடம் என்றால் ஒருவருக்கு 20 வினாடி. இது நடக்கக்கூடிய கணக்குதான், ஆனால் தானாக நடக்காது. பெயரை வாசித்த பிறகு குழந்தை மைதானத்தின் பின்வரிசையிலிருந்து எழுந்து, செருப்பைத் தேடி, நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து மேடைக்கு வர முக்கால் நிமிடம் ஆகும். 48 பேருக்கு 36 நிமிடம். அந்தக் கூடுதல் 20 நிமிடம் மூன்று வகுப்புகளின் நடனத்துக்குச் சமம்.

இருபது வினாடியில் முடிக்க நான்கு பேர் வேண்டும். விருந்தினர் பேசத் தொடங்கும் 5.07க்கே ஒரு ஆசிரியர் பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பட்டியல் வரிசைப்படி மேடையின் வலப்புறம் நிற்க வைத்துவிட வேண்டும். வராத பிள்ளையின் பெயரை அவர் அப்போதே அடித்துவிட்டு, அடித்த பட்டியலை வாசிப்பவரிடம் கொடுக்க வேண்டும். மேடையில் இல்லாத பெயரை மூன்று முறை கூப்பிட்டுக் காத்திருப்பதுதான் பரிசளிப்பில் வீணாகும் பெரிய நேரம். இரண்டாமவர் பரிசுகளை அதே வரிசையில் மேசைமேல் அடுக்கி, ஒவ்வொன்றாக விருந்தினர் கையில் கொடுப்பார். மூன்றாமவர் பெயர் வாசிப்பவர். "ஐந்தாம் வகுப்பு, ஓட்டப்பந்தயம்" என்று தலைப்பை ஒருமுறை சொல்லிவிட்டுப் பெயர்களை மட்டும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். நான்காமவர், பரிசு வாங்கிய குழந்தையை இடப்புறமாக இறக்கிவிடுபவர். தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, குழந்தை அங்கே நின்று வாங்கினால் புகைப்படக்காரர் "இந்தப் பக்கம் பாரும்மா" என்று சொல்லத் தேவையிருக்காது. அவர் சொன்னால் அதற்கு ஐந்து வினாடி.

வலப்புறம் ஏறி இடப்புறம் இறங்குவது பரிசளிப்புக்கு மட்டும் இல்லை, விழா முழுவதற்கும். ஒரே படிக்கட்டில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் மோதிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் போகும். பிள்ளைகள் மேடையேறும் நிகழ்ச்சிகள் இதில் பத்து. அட்டவணையில் நாம் ஒதுக்கிய கையிருப்பு நேரம் மொத்தமே 12 நிமிடம். ஒரு படிக்கட்டுக்குப் பேசாமல் விட்டால் அதில் பத்தை அந்தப் படிக்கட்டே சாப்பிட்டுவிடும்.

இப்போது மைக் வைத்திருப்பவர்கள். மேலே உள்ள அட்டவணையில் தொகுப்பாளர்கள் மூன்று பிரிவு. விருந்தினர் இருக்கும் வரை பொறுப்பு தமிழாசிரியையிடம். பதவிப் பெயர்கள், பட்டங்கள், யாருக்கு யார் பொன்னாடை என்பதெல்லாம் தடுமாறினால் மனவருத்தம் வரும் இடங்கள், அந்தப் பாரத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைமேல் ஏற்றக் கூடாது. கலைநிகழ்ச்சிகளுக்கு மாணவர் இணைகள் இரண்டு. 6.10 வரை ஒரு இணை, பிறகு மற்றொன்று. தொகுப்பாளராக இருக்கும் பிள்ளை, தன் இணை மைக் பிடிக்கும் நேரத்திலும் அதற்கு முந்தைய கால் மணியிலும் எந்த நடனத்திலும் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு அறிவிப்பையும் தனித்தனி அட்டையில், சுமார் நாற்பது சொற்களில் எழுதிக் கொடுக்கலாம். நிதானமாக வாசித்தால் 25 வினாடி. அட்டையின் மூலையில் நிகழ்ச்சி எண் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் வரிசை மாறும் நாள் அது. "கண்ணுக்கு விருந்தாக", "மயிலென ஆட வருகிறார்கள்" என்று பத்து முறை கேட்பதைவிட, இந்த நடனம் எங்கிருந்து வந்தது, யார் கற்றுக்கொடுத்தார் என்று ஒரு வரி சொன்னால் கேட்கிறவர்களுக்கும் புதிதாக இருக்கும்.

தொகுப்பாளருக்கு மீறக் கூடாத விதி ஒன்றே ஒன்று. பக்கத்திரைக்குப் பின்னால் நிற்கும் பொறுப்பாசிரியர் கையை உயர்த்திக் காட்டும் வரை அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கக் கூடாது. "இதோ வருகிறார்கள்" என்று சொல்லித் திரை விலகி மேடை வெறிச்சோடியிருந்தால், அடுத்த ஒரு நிமிடம் கூட்டத்துக்கு ஒரு யுகம். கை உயரவில்லை என்றால் தொகுப்பாளரிடம் வேறு சரக்கு இருக்க வேண்டும். இரண்டு விடுகதை, பள்ளியைப் பற்றிய ஒரு கேள்வி, கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டு வாங்கும் ஒரு பதில். மேடை காலி செய்யும் அந்த ஐந்து நிமிடத்தில், அதாவது நாற்காலியும் மேசையும் இறங்கி நடனத்துக்கு இடம் வரும்வரை, இந்தச் சரக்குதான் ஓடும். இதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். மைக் கையில் வந்ததும் விடுகதை மறந்துபோகாத பிள்ளை அபூர்வம்.

எல்லாம் சரியாகப் போட்டாலும் ஒருவர் மட்டும் நம் அட்டவணைக்குக் கட்டுப்பட மாட்டார். அவர் சிறப்பு விருந்தினர். 4.30க்கு வர வேண்டியவர் 4.55க்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல பள்ளிகளில் இந்த 25 நிமிடமும் "இன்னும் சிறிது நேரத்தில்" என்ற அறிவிப்போடு சும்மா போகும், அல்லது யாரோ ஒருவர் பாடுவார். மேலே உள்ள அட்டவணையில் அந்த நேரத்தை ஏறக்குறைய முழுதுமே மீட்க முடியும்.

4.30க்குத் தமிழ்த்தாய் வாழ்த்து பாடிவிட வேண்டும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்காம் வகுப்புகளை வரிசையாக மேடையேற்றிவிடலாம். நான்கு ஆறு 24. நான்காம் வகுப்பு இறங்கும்போது மணி 4.56, விருந்தினர் கார் கேட்டுக்குள் வந்திருக்கும். நடுவில் வந்துவிட்டால் ஓடும் நடனத்தை நிறுத்தக் கூடாது, அவரை முன்வரிசையில் அமர்த்திவிட்டுப் பாட்டு முடியக் காத்திருக்க வேண்டும். இனி குத்துவிளக்கு 5, வரவேற்பு 4, ஆண்டறிக்கை 8, பொன்னாடை 6, உரை 12, பரிசளிப்பு 16. கூட்டினால் 51 நிமிடம். 5.47. மேடை காலி செய்ய 5. மணி 5.52. அட்டவணையில் 5.52க்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள், ஐந்தாம் வகுப்பு நாடகம். ஒரு நிமிடமும் நட்டமில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. நடனமே இல்லாத 51 நிமிடம் தொடர்ந்து வருகிறது, சின்னப் பிள்ளைகள் நெளிவார்கள். ஆண்டறிக்கையை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்துவிடலாம். எந்தப் பத்திகளை விட வேண்டும் என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே கோடு போட்டு வைத்திருந்தால் போதும். தேர்ச்சி விழுக்காடுகளை அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுத்துவிடலாமே, எண்களைக் காதால் கேட்டு யார் நினைவில் வைக்கப்போகிறார்கள்?

இந்த மாற்று வழி வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை, மூன்று நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 4.40க்கே உடையோடு தயாராக இருக்க வேண்டும். அவர்கள் முறை 5.40தானே என்று ஒப்பனை அறையில் கடைசியாக உட்கார வைத்தால் மேடைக்கு அனுப்ப ஆள் இருக்காது. அட்டவணையில் நான்கு பத்திகளோடு ஐந்தாவதாக ஒன்று சேர்க்கச் சொல்வது இதனால்தான்: எத்தனை மணிக்கு உடையோடு பக்கத்திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அந்தப் பத்தியைத் தனியாகப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒப்பனை அறைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

விருந்தினர் நேரத்துக்கு வந்து, பன்னிரண்டு நிமிடத்துக்குப் பதில் முப்பது நிமிடம் பேசினால்? அதற்கு அட்டவணையில் மருந்து இல்லை. அழைக்கப் போகும்போதே, "ஐயா, பிள்ளைங்க நிகழ்ச்சி பத்து இருக்கு, நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசினா நல்லா இருக்கும்" என்று தலைமையாசிரியர் நேரில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எவ்வளவு பேச வேண்டும் என்று யாரும் சொல்லாததால் நீட்டுகிறவர்களே அதிகம்.

அடுத்து, கடிகாரம் பார்க்க ஒரு ஆள். அட்டவணையை அச்சிட்ட பிரதி ஒன்று, ஒரு பேனா, கைக்கடிகாரம், இவற்றோடு மேடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே வருவார். மூன்று நிமிடம் தாமதம் என்றால் எதுவும் செய்ய வேண்டாம், 6.10இல் உள்ள கையிருப்பு அதை விழுங்கிக்கொள்ளும். கையிருப்பு இல்லாத அட்டவணை முதல் தடங்கலிலேயே பொய்யாகிவிடும், அதன் பிறகு அதை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். 6.15க்குக் கரகாட்டம் தொடங்காமல் பத்து நிமிடம் தள்ளிப்போயிருந்தால் வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்று அந்தப் பதற்றத்தில் முடிவெடுக்க விடக் கூடாது, அட்டவணை போடும்போதே அந்த வரிசையை எழுதிவிட வேண்டும். இந்த விழாவில் முதலில் போவது ஆசிரியர்கள் பாட்டு, ஆறு நிமிடம். அடுத்து நன்றியுரையின் மூன்று நிமிடம், பெயர்ப் பட்டியலை வாசிக்காமல் ஒரே வாக்கியத்தில் நன்றி சொல்லிவிடலாம். ஆக 9. பிறகு 6.39 கையிருப்பு. எந்த வகுப்பின் நடனமும் இந்தப் பட்டியலில் வரக் கூடாது. ஆசிரியர்கள் பாட்டுக்கும் ஒத்திகை நடந்திருக்கும், மனக்குறையும் இருக்கும். அதை அடுத்த நாள் ஆசிரியர் அறையில் பாடிக்கொள்ளலாம்.

ஒலிபெருக்கிக்காரர் கையில் இருக்கும் பென்டிரைவும் இந்த அட்டவணையின் பகுதிதான். கோப்புகளுக்கு வெறும் பாட்டின் பெயரை வைத்தால் அவர் இருட்டில் தேடுவார். நிகழ்ச்சி எண்ணைப் பெயரின் முன்னால், இரண்டு இலக்கத்தில் வையுங்கள்:

```
01_class1.mp3
02_class2.mp3
10_class8_final.mp3
```

1, 2, 10 என்று ஒற்றை இலக்கத்தில் வைத்தால், பல கருவிகள் ஒன்றுக்கு அடுத்தபடி பத்தைக் காட்டும், இரண்டாம் வகுப்பு மேடையில் நிற்கும்போது நிறைவு நடனப் பாட்டு ஒலிக்கும். பென்டிரைவ் இரண்டு பிரதி வேண்டும். இரண்டையும் முந்தின நாளே அவருடைய கருவியில் போட்டுப் பார்த்துவிட வேண்டும், கணினியில் ஓடுவதெல்லாம் அதில் ஓடும் என்று நம்ப முடியாது. யாருடைய செல்போனிலிருந்தாவது பாட்டு ஓடுமானால் அதை ஃபிளைட் மோடில் வைக்க வேண்டும். நடனத்தின் நடுவே யாரோ ஒருவரின் மாமியார் அழைப்பது ஒலிபெருக்கியில் கேட்ட விழாக்கள் உண்டு.

நாடகத்துக்கு 12 நிமிடம் என்று போட்டிருப்பதும் மைக்குக்காகத்தான். நாடகம் எட்டு நிமிடம். மேலிருந்து தொங்கும் மைக்கோ முன்னால் நிற்கும் மைக்கோ வைத்துச் சரிபார்க்க நான்கு நிமிடம். சில பள்ளிகள் வசனத்தை முன்பே பதிவு செய்து பிள்ளைகளை வாயசைக்க வைக்கின்றன. நேரம் மிச்சமாகும் என்பது உண்மை, ஆனால் ஒரு பிள்ளை ஒரு வசனத்தைத் தவறவிட்டால் பதிவு நிற்காமல் ஓடும், மற்றவர்கள் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும். நான்கு நிமிடம் கொடுத்துவிடுவதே மேல்.

அட்டவணை சரியா என்று விழாவுக்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு ஒத்திகை உண்டு, பலரும் அதைச் செய்வதில்லை. எல்லோரும் செய்வது, ஒவ்வொரு நடனத்தையும் முழுதாக ஆடிப் பார்ப்பது. அதில் நடனம் சரியாகும், விழா சரியாகாது. வேண்டியது ஏற்றமும் இறக்கமும் மட்டும் பார்க்கும் ஒத்திகை. தொகுப்பாளர் அட்டையை வாசிக்க, பிள்ளைகள் ஏற, பாட்டின் முதல் 15 வினாடியை ஓடவிட்டு நிறுத்தி, உடனே கடைசி 15 வினாடிக்குத் தாண்டி, கடைசி நிலையில் நின்று, இறங்கி, அடுத்தவர் ஏற வேண்டும். பத்து நிகழ்ச்சிகளுக்கும் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். உடையோடு செய்தால் இன்னும் நல்லது, படிக்கட்டில் எந்தப் பாவாடை தடுக்குகிறது, கரகம் எந்தத் தோரணத்தில் இடிக்கிறது என்று அப்போதே தெரியும். கடிகாரம் பார்ப்பவர் அன்றே தன் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகிற இடத்தை அவர் வட்டமிட்டால், சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.

பொது இடத்தில் ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு மேல் போடக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் விதி. ஒரு பள்ளி விழா அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகிறதென்றால் காவல்துறைக்கு முன்பே குழந்தைகள் கைவிட்டிருப்பார்கள்.

நாட்டுப்பண் முடிந்ததும் அட்டவணை முடிந்தது என்று நினைத்து மைக்கை அணைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைப்பதற்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, அதற்கும் மைக்கில் ஆள் வேண்டும். இல்லையென்றால் 7.00 மணிக்கு எல்லாப் பெற்றோரும் மேடைக்குப் பின்னால் ஒரே நேரத்தில் நுழைவார்கள். ஆகவே நன்றியுரைக்கு முன்பே தமிழாசிரியை சொல்லிவிட வேண்டும்: பெற்றோர் இருக்கையிலேயே இருக்க வேண்டும், ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் கிழக்கு வாசலில், நான்கு ஐந்து அவரவர் வகுப்பறையில், மற்றவர்கள் வேப்பமரத்தடியில். வகுப்பாசிரியர் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு பிள்ளை போகும்போதும் ஒரு கையெழுத்து. வாடகை உடையையும் அங்கேயே கழற்றி வாங்கிவிட்டால், மறுநாள் ஒரு கிரீடத்தைத் தேடி நான்கு வீடுகளுக்குப் போன் போட வேண்டியதில்லை. கடிகாரம் பார்த்தவர் எழுதிய பிரதியை அழைப்பிதழோடு சேர்த்து அலுவலகக் கோப்பில் வைத்துவிடலாம், அடுத்த ஆண்டு "நிமிடம்" பத்தியை நிரப்ப அதில் இருக்கும் எண்களைத்தான் எடுக்க வேண்டும்.